பத்திக்குக் கீழே வரும் நாலு வரி

கேள்வி: வாரம்தோறும் வரும் ஒரு இணைப்பிதழில் பட்டா, பத்திரம், உயில் பற்றிப் பத்தி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். கட்டுரைகள் தயார். ஆனால் கட்டுரைக்குக் கீழே போட என்னைப் பற்றி "நாலு வரி, உயிரோட்டமாக" வேண்டுமாம். அதுதான் வரவில்லை. என் ஜூனியர் எழுதிக் கொடுத்தது இது: "பிரபல உயர் நீதிமன்ற மூத்த வழக்கறிஞர். 16 ஆண்டு அனுபவம் மிக்க சொத்துச் சட்ட நிபுணர். நூற்றுக்கணக்கான நில வழக்குகளில் வெற்றி கண்டவர். பல விருதுகள் பெற்றவர். சமூக ஆர்வலர், பேச்சாளர், கவிஞர். இவர் பேனாவைத் திறந்தால் போலிப் பத்திரங்கள் நடுங்கும்!" கடைசி வரி என் மகன் சேர்த்தது. படித்தால் கூச்சமாக இருக்கிறது. நான் 2009-இல் பார் கவுன்சிலில் பதிவு செய்தேன். கும்பகோணத்தில்தான் தொழில், எப்போதாவது உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போவேன். அப்பா பத்திர எழுத்தர். பள்ளி விடுமுறையில் அவர் எழுதிய பத்திரத்தை நான் வாய்விட்டுப் படிப்பேன், அவர் மூலத்தைப் பார்த்து நான்கு எல்லையையும் சரிபார்ப்பார். இரண்டு வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் தருகிறேன். இதில் எதைப் போடுவது, எதை விடுவது?
— பெயர் வெளியிட விரும்பாத பெண் வழக்கறிஞர், கும்பகோணம்

பதில்:

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அப்பாவின் கதைதான் உங்களுக்கு வேண்டிய வரி. ஜூனியர் எழுதியதில் ஏறக்குறைய எதுவும் தேறாது. அதற்கு அடக்கம் மட்டும் காரணம் இல்லை. அதில் பாதி சட்டப்படியே உங்கள் பெயருக்குக் கீழே வரக் கூடாதது. இணைப்பிதழ்ப் பக்கங்களைப் பல காலம் பார்த்த துணை ஆசிரியர் என்ற முறையில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், இந்த வரிகளை யார், எப்போது படிக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பெயர் மேலே தலைப்போடு வந்துவிடுகிறது. கீழே இருக்கும் குறிப்புக்கு வாசகர் வருவது கட்டுரையை முடித்த பிறகு. உங்கள் விஷயத்தில் அவர் கையில் ஒரு பழைய பத்திரம் இருக்கலாம், மனதில் ஒரு பாகப்பிரிவினை ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் சொன்னபடி ஒரு காரியத்தைச் செய்யலாமா என்று யோசிக்கிறார். "இதைச் சொல்வது யார், இவருக்கு இது எப்படித் தெரியும்?" என்ற ஒரே கேள்வியோடு கீழே பார்க்கிறார். அந்தக் கேள்விக்குப் பதில் தரும் செய்தி உள்ளே வரலாம். மற்றது எவ்வளவு பெருமைக்குரியதாக இருந்தாலும் இங்கே இடம் அடைக்கிறது. கவிஞர், பேச்சாளர், சமூக ஆர்வலர் மூன்றும் இந்த இடத்தில்தான் விழுகின்றன. உங்கள் கவிதை நன்றாகவே இருக்கலாம். ஆனால் வில்லங்கச் சான்றை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொள்ள வந்தவருக்கு அது எதையும் சொல்லவில்லை. தவிர, ஒருவர் ஐந்து பட்டங்களோடு வந்தால் எதில் அவர் உண்மையில் ஊன்றியவர் என்ற சந்தேகம் வாசகருக்கு வந்துவிடுகிறது.

அடுத்து "மூத்த வழக்கறிஞர்". இது மரியாதைக்காகச் சேர்க்கும் அடைமொழி என்று பலரும் நினைக்கிறார்கள். துணை ஆசிரியர்களே கூட, தலை நரைத்த வழக்கறிஞரைப் பேட்டி கண்டால் அனிச்சையாக "மூத்த" போட்டுவிடுகிறார்கள். ஆனால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 16-ஆவது பிரிவு வழக்கறிஞர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் மூத்த வழக்கறிஞர் என்பது உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஒருவருக்குத் தரும் தகுதி நிலை. அது தரப்படாதவர் பெயருக்குக் கீழே அப்படி அச்சானால் அது தவறான தகவல். உங்கள் ஊர் வழக்கறிஞர் சங்கத்தில் முதல் நாளே பேச்சாகிவிடும். நீங்கள் சேர்க்காமல் விட்டாலும் பக்கம் போடுபவர் அன்பாகச் சேர்த்துவிடுவார் என்பதால், "மூத்த என்று போட வேண்டாம், அது பதவிப்பெயர்" என்று அனுப்பும்போதே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"உயர் நீதிமன்ற வழக்கறிஞர்" என்பது இவ்வளவு கடுமையான பிழை இல்லை. அதே சட்டத்தின் 30-ஆவது பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பதிவு பெற்ற எந்த வழக்கறிஞரும் நாட்டின் எந்த நீதிமன்றத்திலும் வாதாடலாம். அதனால் "உயர் நீதிமன்ற" என்பது தனித்தகுதி எதையும் காட்டவில்லை. ஆனால் வாசகர் காதில் அது "சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்" என்று விழும். உங்கள் பலமே கும்பகோணத்தில் தினமும் கோர்ட்டுக்குப் போகிறீர்கள் என்பதுதான். பாபநாசத்திலோ திருவிடைமருதூரிலோ இருந்து படிக்கும் ஒருவருக்கு, பக்கத்து ஊர் நீதிமன்றத்தில் நடப்பதைத் தெரிந்தவர் எழுதுகிறார் என்பது பெரிய விஷயம். ஊர்ப் பெயரைப் போடுங்கள்.

இப்போது "நிபுணர்", "வெற்றி கண்டவர்", "பிரபல". இந்த மூன்றுக்கும் ஒரே விதி குறுக்கே நிற்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிகளில் 36-ஆவது விதி உங்களுக்குத் தெரியாதது இல்லை. வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்கக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது. பெயர்ப்பலகையிலும் கடிதத்தாளிலும் குறிப்பிட்ட வகை வழக்கில் தனித்தேர்ச்சி உள்ளவர் என்று காட்டக் கூடாது, சங்கத்தில் பதவி வகிப்பதையும் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. 2008-இல் வந்த திருத்தம் வழக்கறிஞரின் இணையதளத்துக்கு மட்டும் கொஞ்சம் இடம் கொடுத்தது. பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், பதிவான தேதி, படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் போன்ற விவரங்களை அங்கே தரலாம். செய்தித்தாளுக்கு அந்தச் சலுகை எழுதப்படவில்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், இணையத் தளங்கள் வழியாக விளம்பரம் தேடும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்குச் சொன்னது. அது பத்தி எழுத்தாளர்களைப் பற்றிய வழக்கு இல்லைதான். ஆனாலும் ஆயிரக்கணக்கான பிரதிகளில் வாரம்தோறும் "சொத்துச் சட்ட நிபுணர், நூற்றுக்கணக்கான வழக்குகளில் வென்றவர்" என்று வந்தால், அதைப் பெயர்ப்பலகையிலிருந்து பிரித்துக்காட்டுவது உங்களுக்குக் கஷ்டம். பெயர்ப்பலகைக்கு உள்ள கட்டுப்பாட்டையே இந்த நாலு வரிக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

இதனால் எழுதவே கூடாதோ என்று தயங்க வேண்டாம். அதே விதிகளில் 51-ஆவது விதி, விளம்பரத் தடைக்கும் முழுநேர வேலைத் தடைக்கும் உட்பட்டு வழக்கறிஞர்கள் இதழியலில் ஈடுபடலாம் என்று அனுமதிக்கிறது. பத்தி எழுதுவது உங்களுக்குத் திறந்திருக்கும் வழிதான். அந்தப் பத்தி விளம்பரமாகிவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கும் இடம் கட்டுரைக்குக் கீழே உள்ள குறிப்பு. மருத்துவர்களுக்கும் இதேபோல் ஒரு கோடு உண்டு. 2002-இல் வந்த மருத்துவர் ஒழுங்குமுறைகளின்படி அவர்கள் பொதுச் சுகாதாரம் பற்றிச் சொந்தப் பெயரில் எழுதலாம், தங்களுக்கு நோயாளிகளைச் சேர்க்கும் விதத்தில் எழுதக் கூடாது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் மருத்துவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

"பல விருதுகள்" பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெயரும் ஆண்டும் இல்லாத விருது நம்பகத்தைக் குறைக்கும். பெயரும் ஆண்டும் உள்ளது நிலம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் பார்க்கலாம், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

"16 ஆண்டு அனுபவம்" என்பதில் உண்மை இருக்கிறது, ஆனால் அது கெட்டுப்போகும் உண்மை. வாரப் பத்தியின் அடிக்குறிப்பை ஒருமுறை பக்க அமைப்பில் ஏற்றிவிட்டால் அதை யாரும் மறுபடி திறந்து பார்ப்பதில்லை. போன வாரப் பக்கத்தை எடுத்து, கட்டுரையை மாற்றி, படத்தை மாற்றி, கீழே உள்ளதை அப்படியே விட்டு அச்சுக்கு அனுப்புவார்கள். மூன்று வருடம் கழித்தும் உங்களுக்கு 16 ஆண்டு அனுபவமே இருக்கும். "2009 முதல்" என்று போட்டால் எந்த வருடம் படித்தாலும் சரியாக இருக்கும். அதை யாரும் சரிபார்க்கவும் முடியும், பார் கவுன்சில் பதிவில் அந்த ஆண்டு இருக்கிறது. எண்ணிக்கையைவிட ஆண்டுக்கு எடை அதிகம். "16 ஆண்டு" என்பது சொல்பவர் சொன்னது, "2009" என்பது ஏட்டில் இருப்பது.

இதே காரணத்தால்தான் மாறக்கூடிய எதையும் குறிப்பில் வைக்க வேண்டாம் என்கிறேன். நான் பார்த்த ஒரு நலவாழ்வுப் பத்தியில், எழுதியவர் வேலை பார்த்த மருத்துவமனையின் பெயர் கீழே வந்துகொண்டிருந்தது. அவர் வேறு இடம் போன பிறகும் அது மாறவில்லை. வெளியூரிலிருந்து ஒருவர் பேருந்து பிடித்து அங்கே போய், "இந்த டாக்டர் இங்கே இல்லையே" என்ற பதிலோடு திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பத்தியில் வந்த மருத்துவச் செய்தியை அவர் எப்படி நம்புவார்?

சரி, எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் "வழக்கறிஞர், கும்பகோணம், 2009 முதல்" என்று மட்டும் நிற்கும். நம்பகம் இருக்கிறது, உயிர் இல்லை. இங்கேதான் எல்லோரும் நகைச்சுவையைத் தேடிப் போகிறார்கள். உங்கள் மகன் எழுதிய வரி அன்பினால் வந்தது. ஆனாலும் அதை எடுக்க இரண்டு காரணம். வாரப் பத்தி என்றால் அதே குறிப்பு வருடத்துக்கு ஐம்பது தடவைக்கு மேல் வரும். முதல் வாரம் சிரிக்க வைக்கும் வரி ஐந்தாவது வாரம் கண்ணில் உறுத்தும், பதினைந்தாவது வாரம் எரிச்சல் தரும். இன்னொன்று, அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அந்த வரியை எந்த வழக்கறிஞர் பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். வேறொருவருக்கும் அப்படியே பொருந்தும் வரி குறிப்பில் இருக்கக் கூடாது என்பது நான் தவறாமல் வைத்துப் பார்க்கும் சோதனை.

உயிரோட்டம் எப்போதும் ஒரு செயலிலிருந்து வருகிறது. பண்பைச் சொல்லும் சொற்கள், அதாவது அனுபவம் மிக்க, சிறந்த, தலைசிறந்த என்பவை, வாசகர் கண்முன் எதையும் நிறுத்துவதில்லை. ஒரு பெண் குழந்தை பத்திரத்தை உரக்கப் படிக்கிறாள், அப்பா மூலத்தில் விரல் வைத்துப் பார்க்கிறார் என்றால் அது உடனே கண்ணுக்குத் தெரிகிறது. அது பிடித்துப்போகும், மறக்காது, ஐம்பதாவது தடவையும் உறுத்தாது. ஏனென்றால் அது நகைச்சுவை இல்லை, நடந்த விஷயம்.

உங்கள் விஷயத்தில் அந்த வரி இன்னொரு வேலையும் செய்கிறது. "சொத்துச் சட்ட நிபுணர்" என்று போட விதி இடம் தராததால் ஒரு ஓட்டை விழுகிறது. நீங்கள் வழக்கறிஞர் என்பது தெரிகிறது, பத்திரம் பற்றி உங்களுக்கு ஏன் நன்றாகத் தெரியும் என்பது தெரியவில்லை. அப்பாவின் வரி அதை நிரப்புகிறது. கிழக்கு எல்லையில் "ராமசாமி புஞ்சைக்கு மேற்கு" என்று இருக்க வேண்டியது "கிழக்கு" என்று விழுந்துவிட்டால் அடுத்த தலைமுறை கோர்ட்டில் நிற்கும் என்பதை, சட்டக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே பார்த்தவர் நீங்கள் என்று வாசகர் தானாகப் புரிந்துகொள்கிறார். தகுதியை நீங்களாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை, வேலையும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஆனால் அதை எழுதும் விதத்தில் கெடுத்துவிடவும் முடியும். "பத்திர எழுத்தரின் மகள்" என்று மட்டும் போட்டால் அது குடும்ப அறிமுகம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது இல்லை. "சிறு வயதிலேயே பத்திரங்களோடு வளர்ந்தவர்" என்றால் மங்கலாகிவிடுகிறது, யார் வேண்டுமானாலும் சொல்லலாம். "சிறு வயதிலேயே பத்திரங்களைச் சரிபார்த்தவர்" என்பது பொய்க்குப் பக்கத்தில் போகிறது. சரிபார்த்தவர் அப்பா, நீங்கள் படித்துக் காட்டினீர்கள். அந்த வித்தியாசத்தை விட்டுவிடாதீர்கள். பெரிதாக்காமல் சொல்லும்போதுதான் வாசகர் நம்புகிறார். உங்கள் அப்பாவிடம், அல்லது வீட்டில் தெரிந்தவர்களிடம், "இப்படிப் போடட்டுமா?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். அவரும் அச்சில் வருகிறார் அல்லவா.

இனி இடம். துணை ஆசிரியர் நாலு வரி என்றால், எந்த அகலத்தில் என்று கேளுங்கள். பெரிய தாள் பத்திரிகையில் பக்கத்தை வழக்கமாக மேலிருந்து கீழாக எட்டுப் பட்டைகளாக, அதாவது எட்டு காலமாகப் பிரிப்பார்கள், ஒரு காலம் ஏறத்தாழ நாலு சென்டிமீட்டர். அந்த அகலத்தில் தமிழில் வரிக்கு மூன்று சொல் நின்றால் அதிகம், ஆக நாலு வரிக்குப் பன்னிரண்டு சொல்தான். இணைப்பிதழ்ப் பத்திகள் பெரும்பாலும் இரண்டு கால அகலத்தில் வரும், அப்போது இருபதுக்கு மேல் கிடைக்கும். தமிழில் சொற்களை எண்ணுவதைவிட அவற்றின் நீளத்தைப் பார்ப்பது முக்கியம். "பணியாற்றிவருகிறார்" என்ற ஒரு சொல்லே ஒரு கால அகலத்தில் ஏறக்குறைய ஒரு வரியைத் தின்றுவிடும். அதற்கு முன்னால் உள்ள வரியில் சொற்கள் பல்லிடுக்கு விழுந்ததுபோல் விலகி நிற்கும். "வழக்காடுகிறார்" என்றால் முடிந்தது. "திகழ்கிறார்", "விளங்குகிறார்", "ஈடுபட்டுவருகிறார்" எல்லாவற்றையும் இதேபோல் பார்த்துச் சுருக்குங்கள்.

இதையெல்லாம் சேர்த்து நான் போடுவது இப்படி:

"கட்டுரையாளர், வழக்கறிஞர். 2009 முதல் கும்பகோணம் நீதிமன்றங்களில் வழக்காடுகிறார். பள்ளி விடுமுறைகளில், பத்திர எழுத்தரான அப்பா எல்லைகளைச் சரிபார்க்க, பத்திரங்களை வாய்விட்டுப் படித்தவர்."

இருபது சொல்லை ஒட்டித்தான் இருக்கிறது, இரண்டு கால அகலத்தில் நாலு வரிக்குள் அடங்கும். "தந்தை" என்று போடாமல் "அப்பா" என்று போட்டதற்குக் காரணம், அந்தக் காட்சி வீட்டுத் திண்ணையில் நடப்பது. உங்கள் பத்திரிகையின் நடை "தந்தை" என்றால் அவர்கள் மாற்றட்டும், பெரிய நஷ்டமில்லை. ஆனால் "வாய்விட்டு" என்ற சொல்லை எடுக்க விடாதீர்கள். வெறும் "பத்திரங்களைப் படித்தவர்" ஆகிவிட்டால் காட்சி போய்விடும்.

இதை அனுப்பும் முன், நீங்கள் எழுதி வைத்திருக்கும் கட்டுரைகள் ஒவ்வொன்றின் கீழும் வைத்துப் படித்துப் பாருங்கள். பட்டா மாறுதல், கிரயப் பத்திரத்தில் சர்வே எண் பிழை, பொது அதிகாரப் பத்திரம் போன்றவற்றுக்குக் கீழே அழகாக உட்காரும். உயில் பற்றிய கட்டுரைக்கும் சரிதான். நாளைக்கு வாடகைதாரர் பிரச்சினை, ஜீவனாம்சம் என்று பத்தி வேறு பக்கம் திரும்பினால் கடைசி வாக்கியம் ஒட்டாமல் தொங்கும். அந்த வாரம் முதல் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொள்ளும்படி சொல்லுங்கள். அப்படி வெட்டினாலும் நிற்கும்படிதான் முதல் பகுதியைத் தனியாக வைத்திருக்கிறேன். இடம் இல்லை என்று கடைசி நேரத்தில் வெட்டுபவர்களும் கீழிருந்துதான் வெட்டுவார்கள்.

வங்கிகளுக்கு லீகல் ஒப்பீனியன் தருவது வழக்கமான குறிப்பில் வேண்டாம். போட்டால் தகுதி காட்டுவதுபோல் இருக்கும். ஆனால் வீட்டுக்கடன், அடமானம், வங்கி கேட்கும் மூலப்பத்திரம் பற்றி எழுதும் வாரம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். "வீட்டுக்கடன் தரும் வங்கிகளுக்குச் சட்டக் கருத்து வழங்குகிறார்" என்று ஒரு வாக்கியம் போதும், வங்கியின் பெயர் தேவையில்லை. வங்கி கேட்பது நியாயம் என்று நீங்கள் எழுதினால், எங்கிருந்து பார்த்து எழுதுகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வாசகருக்கு உண்டு. பின்னால் யாரோ கண்டுபிடித்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினால், நீங்கள் சரியாகவே எழுதியிருந்தாலும் பத்தியின் பெயர் கெட்டுப்போகும். அந்த வாரம் அப்பாவின் வாக்கியத்தை எடுத்துவிட்டு இதை அந்த இடத்தில் வையுங்கள்.

நீங்கள் ஆஜராகும் வழக்கைத் தொட்டு எழுதும் கட்டுரைக்கு எந்தக் குறிப்பும் பரிகாரம் ஆகாது. தான் நடத்தும் வழக்கு தொடர்பாகச் செய்தித்தாளில் கருத்து வரச்செய்வதையும் படம் வரச்செய்வதையும் அதே 36-ஆவது விதி தடுக்கிறது. அந்த விஷயத்தை அந்த வழக்கு முடியும்வரை தள்ளிவையுங்கள். படம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பத்திக்கு மேலே சின்னப் படம் கேட்பார்கள். கவுனும் கழுத்துப் பட்டையும் அணிந்த படம் கொடுக்காதீர்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணிவதற்கே விதியில் கட்டுப்பாடு இருக்கிறது. சாதாரண உடையில், வெளிச்சம் முகத்தில் விழும்படி எடுத்த படம் ஒன்று போதும்.

தொடர்புக்கு என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, பத்திரிகையில் கட்டாயம் கேட்பார்கள். கைபேசி எண் வேண்டவே வேண்டாம். நிலப் பிரச்சினை எழுதுபவர் எண் அச்சானால் அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே அழைப்புகள் தொடங்கும். ஒவ்வொரு அழைப்பும் வேலை தேடியதாகப் பார்க்கப்படலாம். பத்திரிகையின் மின்னஞ்சலைப் போட்டு, "கேள்விகளை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள்" என்று இருக்கட்டும். வரும் கடிதங்களில் பொதுவானதை எடுத்துப் பத்தியிலேயே பதில் எழுதலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாமல் எழுதுபவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களுக்காகப் பக்கத்தின் அடியில் இலவசச் சட்ட உதவிக்கான தேசிய எண் 15100 என்று நிரந்தரமாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். அது உங்கள் குறிப்புக்குள் வராமல், பக்கத்தின் வரியாகத் தனியே நிற்க வேண்டும். "இது பொதுவான விளக்கம், உங்கள் ஆவணங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி முடிவெடுங்கள்" என்ற எச்சரிக்கைக்கும் அதுதான் இடம்.

அனுப்பும்போது குறிப்பை மின்னஞ்சலின் உடம்பில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். படமாகவோ கையால் எழுதியோ அனுப்பினால் அங்கே ஒருவர் திரும்பத் தட்டச்சு செய்வார், 2009 என்பது 2019 ஆகும். பதிவுச் சான்றிதழின் நகலையும் உடன் இணைத்துவிடுங்கள். யாரும் கேட்காவிட்டாலும், என்றாவது ஒரு வாசகர் சந்தேகம் எழுப்பினால் ஆசிரியர் குழுவிடம் அது இருக்கும். முதல் வாரம் பக்கத்தின் புரூஃபைக் கேட்டு வாங்கி, கட்டுரையைப் பார்க்கும் முன் கீழே உள்ள நாலு வரியைப் பாருங்கள். "மூத்த" நுழைந்திருந்தால் அன்றைக்கே எடுக்கச் சொல்லலாம். முதல் வாரம் அச்சான பிறகு அது அப்படியே அடுத்தடுத்த வாரங்களுக்கும் போய்க்கொண்டே இருக்கும்.